மூன்றாம் சுருள் இல்லாத புது டிரான்ஸ்ஃபார்மர்: நியூட்ரல் நிலையாக நிற்குமா?

கேள்வி: செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே உள்ள ஒரு 110/11 கி.வோ. துணை மின்நிலையத்தில் ஆபரேட்டராக இருக்கிறேன். எங்களிடம் இரண்டு 16 எம்.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர்கள். இரண்டுமே ஸ்டார்-ஸ்டார். பழையதன் பெயர்ப் பலகையில் YNyn0+d என்று இருக்கிறது. அதன் பக்கவாட்டில் இரண்டு சின்ன புஷ்ஷிங்குகளைச் செப்புப் பட்டையால் இணைத்து எர்த் செய்திருக்கிறார்கள். சமீபத்தில் வந்த புதியதில் வெறும் YNyn0 மட்டும்தான். டெல்டாவும் இல்லை, அந்தப் புஷ்ஷிங்குகளும் இல்லை. ஸ்டார்-ஸ்டார் என்றால் டெர்ஷியரி டெல்டா கட்டாயம் என்று பாலிடெக்னிக்கில் படித்தேன். செலவைக் குறைக்க விட்டுவிட்டார்களா? அது இல்லாமல் ஹார்மோனிக் தொல்லை வராதா? பழையதில் உள்ள செப்புப் பட்டை எதற்காக? உடன் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் அது உபரி இணைப்பு, கழற்றினாலும் ஒன்றும் ஆகாது என்கிறார். விளக்குவீர்களா?

— வாசகர், செங்கல்பட்டு மாவட்டம்

பதில்: முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் புது டிரான்ஸ்ஃபார்மரில் டெல்டா இல்லாதது குறையல்ல. ஆனால் அதன் 110 கி.வோ. நியூட்ரல் எப்போதும் எர்த்தில் இருக்க வேண்டும். பழையதன் செப்புப் பட்டையை, டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜில் இருக்கும்போது யாரும் தொடக்கூடாது. கழற்றியபடி சார்ஜ் செய்யவும் கூடாது. இந்த இரண்டுக்கும் காரணம் ஒன்றே. அதைப் புரிந்துகொள்ள, மூன்றாம் சுருள் உண்மையில் என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

மூன்றாம் ஹார்மோனிக் எங்கிருந்து வருகிறது?

மூன்றாம் ஹார்மோனிக் என்றதும் பலர் நுகர்வோரின் எல்.இ.டி. விளக்கு, கணினி ஆகியவற்றையே நினைக்கிறார்கள். டெர்ஷியரி டெல்டா இருப்பது அவற்றுக்காக அல்ல. தெருவில் நிற்கும் 11 கி.வோ./433 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர்கள் டெல்டா-ஸ்டார் வகை. வீடுகளிலிருந்து வரும் மூன்றாம் ஹார்மோனிக்கின் பெரும்பகுதி அந்த டெல்டாவுக்குள்ளேயே சுற்றி முடிந்துவிடும், உங்கள் ஃபீடருக்கு வராது. நாம் பேசுவது உங்கள் டிரான்ஸ்ஃபார்மரின் சொந்த இரும்புக் கோருக்கு வேண்டிய ஹார்மோனிக்கைப் பற்றி.

கோரில் காந்தப் பாயம் ஒழுங்கான சைன் வடிவில் ஏறி இறங்கினால்தான் வெளிவரும் மின்னழுத்தமும் சைன் வடிவில் இருக்கும். இரும்போ பாயத்துக்கு நேர்விகிதமாக மின்னோட்டம் கேட்பதில்லை. பாயம் உச்சத்தை நெருங்கும்போது கோர் செறிவடையத் தொடங்கி, திடீரென அதிக மின்னோட்டம் கேட்கிறது. அதனால் கோரைக் காந்தமாக்கும் மின்னோட்டம் கூர்முனையோடு இருக்கும். அந்தக் கூர்முனையைப் பிரித்துப் பார்த்தால் 50 ஹெர்ட்ஸ் அலையோடு 150 ஹெர்ட்ஸ் அலை ஒன்றும் கலந்திருக்கும். அதுதான் மூன்றாம் ஹார்மோனிக். பாயம் சைனாக இருக்க வேண்டுமானால் இந்த 150 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் எங்காவது பாய்ந்தே ஆக வேண்டும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஆர், ஒய், பி மூன்று ஃபேஸ்களும் 50 ஹெர்ட்ஸில் 120 டிகிரி இடைவெளியில் நிற்கின்றன. 150 ஹெர்ட்ஸில் அந்த இடைவெளி மும்மடங்காகி 360 டிகிரி ஆகிறது, அதாவது இடைவெளியே இல்லை. ஆகவே மூன்று ஃபேஸ்களின் மூன்றாம் ஹார்மோனிக்கும் ஒரே நொடியில் ஒரே பக்கமாகப் பாயப் பார்க்கும். நியூட்ரல் திறந்த ஸ்டாரில் மூன்று கம்பிகளின் மின்னோட்டங்களைக் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். மூன்றும் ஒரே பக்கம் பாய்ந்தால் திரும்பி வர வழி கிடையாது. மின்னோட்டம் பாய முடியாமல் போனால் பாயத்தின் உச்சி தட்டையாகும். அந்தத் தட்டைப் பாயம் கூர்முனை மின்னழுத்தத்தை உண்டாக்கும். நியூட்ரல் புள்ளி 150 ஹெர்ட்ஸில் அங்குமிங்கும் ஆடும்.

டெல்டா சுருள் ஒன்றைச் சேர்த்தால், மூன்று ஃபேஸ்களிலும் எழும் மூன்றாம் ஹார்மோனிக் மின்னழுத்தங்கள் அந்த மூடிய வளையத்தில் ஒன்றோடொன்று கூடும். கூடிய மின்னழுத்தம் வளையத்துக்குள் 150 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தைச் சுழலவிடும். கோர் கேட்ட மின்னோட்டம் அதற்குக் கிடைத்துவிடுவதால் பாயம் மறுபடி சைன் வடிவுக்கு வரும். வெளிக்கம்பியில் இதன் சுவடு தெரியாது.

எவ்வளவு மின்னோட்டம் என்று பார்ப்போம். 16 எம்.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மரின் 11 கி.வோ. பக்க முழுச்சுமை மின்னோட்டம் 840 ஆம்பியர். சுமையில்லாத மின்னோட்டம் அதில் அரை சதவீதம் என்று வைத்தால் 4.2 ஆம்பியர். அதில் 40 சதவீதம் மூன்றாம் ஹார்மோனிக் என்று கொண்டால், டெல்டாவில் சுழல வேண்டியது ஏறத்தாழ 1.7 ஆம்பியர்தான். டெல்டாவுக்கும் 11 கி.வோ. சுருளுக்கும் சுற்று எண்ணிக்கை சமம் என்ற கணக்கில் இது. 1.7 ஆம்பியருக்கு விரல் பருமன் செப்பு தேவையில்லை. ஆனால் உங்கள் பழைய டிரான்ஸ்ஃபார்மரைத் திறந்தால் அந்த டெல்டாவில் கனமான செப்பைக் காண்பீர்கள். அவ்வளவு செப்பு போட்டது ஹார்மோனிக்குக்காக அல்ல, நியூட்ரலை நிலைநிறுத்துவதற்காக.

எர்த் ஃபால்ட்டில் டெல்டா என்ன செய்கிறது?

11 கி.வோ. பக்கம் ஆர் ஃபேஸ் எர்த்தாகி 300 ஆம்பியர் பாய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒய், பி இரண்டிலும் சுமை இல்லை. 110 கி.வோ. நியூட்ரல் திறந்திருக்கிறது, டெல்டாவும் கிடையாது. மின்னோட்டங்களை எல்லாம் 11 கி.வோ. கணக்குக்கு மாற்றியே பேசுகிறேன்.

ஆர் லிம்பில் இரண்டாம் நிலைச் சுருளின் 300 ஆம்பியரை முதல்நிலைச் சுருள் சமன்செய்ய வேண்டும். அந்த மின்னோட்டம் 110 கி.வோ. பக்கம் ஆர் வழியாக உள்ளே வந்தால், ஒய், பி வழியாகத்தான் வெளியேற முடியும். ஆனால் அந்த இரண்டு லிம்ப்களில் இரண்டாம் நிலையில் மின்னோட்டமே இல்லை. அங்கே புகும் முதல்நிலை மின்னோட்டத்தை எதிர்த்துச் சமன்செய்ய ஆளில்லை. ஆகவே அந்த இரண்டு சுருள்களும் சோக் போல வழியை அடைக்கும். விளைவாக ஆர் ஃபேஸின் மின்னழுத்தம் விழும், ஒய், பி மின்னழுத்தம் ஏறும், நியூட்ரல் இடம்பெயரும்.

இப்போது டெல்டாவைச் சேருங்கள். 110 கி.வோ. பக்கம் ஆர் ஃபேஸில் 200 ஆம்பியர் உள்ளே வரும், ஒய், பி இரண்டிலும் தலா 100 ஆம்பியர் வெளியே போகும். டெல்டாவின் மூன்று கைகளிலும் 100 ஆம்பியர் சுழலும். லிம்ப் லிம்பாகச் சரிபார்ப்போம். ஆர் லிம்பில் இரண்டாம் நிலையின் 300-ஐ முதல்நிலையின் 200-ம் டெல்டாவின் 100-ம் சேர்ந்து சமன்செய்கின்றன. ஒய் லிம்பில் எதிர்ப்பக்கம் பாயும் முதல்நிலையின் 100-ஐ டெல்டாவின் 100 சமன்செய்கிறது. பி லிம்பிலும் அதேதான். எந்த லிம்பிலும் சமனாகாத மின்னோட்டம் மிச்சமில்லை, நியூட்ரலும் நகரவில்லை.

மூன்று ஃபேஸ்களிலும் ஒரே அளவில், ஒரே நொடியில் எழும் இந்த மின்னோட்டத்தைத்தான் பொறியாளர்கள் சீரோ சீக்வென்ஸ் என்கிறார்கள். மூன்றாம் ஹார்மோனிக்கும் அதே இனம், அலைவெண்தான் வேறு. ஒரே மூடிய வளையம் இரண்டுக்கும் வழிவிடுவது இதனால்தான். டெல்டாவுக்குப் பிரதான சுருளின் மூன்றில் ஒரு பங்கு திறன் கொடுக்கும் பழைய வழக்கமும் 300-க்கு 100 என்ற இந்தக் கணக்கிலிருந்தே புரியும்.

கோரின் அமைப்புதான் முடிவு செய்கிறது

ஸ்டார்-ஸ்டார் என்றால் டெல்டா கட்டாயம் என்பது பாதி உண்மை. மீதிப் பாதி கோரில் இருக்கிறது.

மூன்று தனித்தனி ஒற்றை ஃபேஸ் டிரான்ஸ்ஃபார்மர்களைச் சேர்த்த தொகுதியில், ஒவ்வொரு ஃபேஸின் பாயத்துக்கும் முழுமையான இரும்புப் பாதை உண்டு. ஐந்து லிம்ப் கோரிலும், ஷெல் வகையிலும் இதே நிலைதான். சீரோ சீக்வென்ஸ் பாயம் அங்கே தடையின்றி ஓடும். உங்கள் 16 எம்.வி.ஏ. போன்றவை வழக்கமாக மூன்று லிம்ப் கோர் கொண்டவை. மூன்று லிம்ப்களிலும் பாயம் ஒரே நேரத்தில் மேல்நோக்கிப் போனால், இறங்கி வர நான்காவது லிம்ப் இல்லை. அது கோரை விட்டு வெளியேறி, எண்ணெயைக் கடந்து, டேங்க் சுவர் வழியாகத்தான் திரும்ப வேண்டும். அந்தப் பாதை மிகக் கடினமானது. டேங்கின் எஃகுச் சுவரில் சுழலும் மின்னோட்டமும் அந்தப் பாயத்தை எதிர்க்கும். அதாவது மூன்று லிம்ப் டிரான்ஸ்ஃபார்மரில் டேங்கே ஓரளவு டெல்டாவின் வேலையைச் செய்கிறது. மூன்றாம் ஹார்மோனிக் மின்னழுத்தமும் ஒரு சில சதவீதத்தைத் தாண்டாது.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரிது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டிரான்ஸ்ஃபார்மர் 16 எம்.வி.ஏ., இம்பீடன்ஸ் 10 சதவீதம். 110 கி.வோ. மூலத்தின் இம்பீடன்ஸை விட்டுவிடுவோம், 110 கி.வோ. நியூட்ரல் திறந்திருப்பதாகவும் கொள்வோம். 11 கி.வோ. பஸ்ஸில் ஒரு ஃபேஸ் நேரடியாக எர்த் ஆகிறது.

டெல்டா இருந்தால் சீரோ சீக்வென்ஸ் இம்பீடன்ஸும் 10 சதவீதம் அளவில் இருக்கும். ஃபால்ட் மின்னோட்டம் முழுச்சுமையைப் போல் 10 மடங்கு, அதாவது 8,400 ஆம்பியர். நல்ல நிலையில் உள்ள மற்ற இரண்டு ஃபேஸ்களின் மின்னழுத்தம் 6,350 வோல்ட்டிலேயே நிற்கும்.

டெல்டா இல்லாத மூன்று லிம்ப் கோரில் சீரோ சீக்வென்ஸ் இம்பீடன்ஸ் 60 சதவீதம் என்று கொள்வோம். ஃபால்ட் மின்னோட்டம் 3.75 மடங்கு, அதாவது 3,150 ஆம்பியர். ரிலே இதைத் தவறாமல் பார்க்கும். ஆனால் நல்ல ஃபேஸ்களின் மின்னழுத்தம் ஏறத்தாழ 9,000 வோல்ட்டுக்கு ஏறும்.

டெல்டா இல்லாத ஒற்றை ஃபேஸ் தொகுதியில் ஃபால்ட் மின்னோட்டம் வெறும் 13 ஆம்பியர் அளவே. கோர் செறிவடைவதால் இது சற்றுக் கூடலாம், ஆனாலும் 840 ஆம்பியர் சுமைக்குப் பக்கத்தில்கூட வராது. கம்பி தரையைத் தொட்டுக் கிடந்தாலும் ஓவர் கரன்ட் ரிலே அசையாது. நல்ல ஃபேஸ்களோ முழு 11,000 வோல்ட்டுக்கு ஏறிவிடும்.

ஆகவே ஒற்றை ஃபேஸ் தொகுதிக்கும் ஐந்து லிம்ப் கோருக்கும் டெல்டாவைத் தவிர்ப்பது எளிதல்ல. மூன்று லிம்ப் கோருக்கு அது இல்லாமலும் சமாளிக்க முடியும், நியூட்ரல் எர்த் ஒழுங்காக இருந்தால். 110 கி.வோ. நியூட்ரல் எர்த் ஆகியிருந்தால் ஃபால்ட்டின் சீரோ சீக்வென்ஸ் மின்னோட்டத்துக்கு அந்த நியூட்ரல் வழியாகவே பாதை கிடைத்துவிடும். அப்போது நல்ல ஃபேஸ்களின் மின்னழுத்தம் 9,000 வரை ஏறுவதில்லை.

நான் 9,000 வோல்ட்டை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நம் ஊரில் 11 கி.வோ. லைன்களில் மாட்டும் மின்னல் தடுப்பான்கள் பெரும்பாலும் 9 கி.வோ. தரத்தவை. எர்த் ஃபால்ட்டின்போது நல்ல ஃபேஸின் மின்னழுத்தம் லைன் மின்னழுத்தத்தில் 80 சதவீதத்தைத் தாண்டாது என்ற நம்பிக்கையில் தேர்ந்தவை அவை. 11,000-ல் 9,000 என்பது 82 சதவீதம். புது டிரான்ஸ்ஃபார்மரின் 110 கி.வோ. நியூட்ரல் எர்த் பட்டை ஒருநாள் துருப்பிடித்து அறுந்தால், அன்று ஒன்றும் தெரியாது. அடுத்த எர்த் ஃபால்ட்டில் மின்னல் தடுப்பான்தான் விலை கொடுக்கும்.

கடற்கரையில் டெல்டாவுக்கு விழும் அடி

கேளம்பாக்கத்திலிருந்து மாமல்லபுரம் தாண்டிக் கல்பாக்கம் வரை கடலை ஒட்டி ஓடும் லைன்களின் இன்சுலேட்டர்களில் உப்பு படிகிறது. மழையில்லாத மாதங்களில் அந்தப் படிவு சேர்ந்துகொண்டே போகும். விடியற்காலைப் பனி அதை நனைத்ததும் இன்சுலேட்டரின் மேற்பரப்பு மின்சாரம் கடத்தத் தொடங்கும். அப்போது ஏற்படும் ஃப்ளாஷ் ஓவர் பெரும்பாலும் ஒரு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையில்தான். டெல்டாவைச் சீண்டும் ஃபால்ட் இதுவே.

11 கி.வோ. ஃபால்ட் மட்டும் என்று நினைக்காதீர்கள். 110 கி.வோ. நியூட்ரல் எர்த்தாகி, உள்ளே டெல்டாவும் இருந்தால், அந்த டிரான்ஸ்ஃபார்மர் 110 கி.வோ. கட்டமைப்புக்கே ஒரு எர்த் மின்னோட்ட மூலம் ஆகிவிடும். எங்கோ ஒரு 110 கி.வோ. லைனில் ஃப்ளாஷ் ஓவர் ஆனாலும் உங்கள் நியூட்ரலில் மின்னோட்டம் பாயும். 110 கி.வோ. சுருளுக்கும் டெல்டாவுக்கும் இடையிலான இம்பீடன்ஸ் 15 சதவீதம், உங்கள் பஸ்ஸில் எழும் சீரோ சீக்வென்ஸ் மின்னழுத்தம் இயல்பில் மூன்றில் ஒரு பங்கு என்று கொண்டால், நியூட்ரலில் ஏறத்தாழ 560 ஆம்பியர் வரும். டிரான்ஸ்ஃபார்மரின் 110 கி.வோ. பக்க முழுச்சுமையே 84 ஆம்பியர்தான். உங்கள் லாக் புத்தகத்தில், 11 கி.வோ. பக்கம் எந்த ஃபால்ட்டும் இல்லாத நேரத்தில் பழைய டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரல் ரிலே மட்டும் துடித்த பதிவுகள் இருக்கலாம். தேடிப் பாருங்கள். அது ரிலேயின் கோளாறாக இருக்க வேண்டியதில்லை. டெல்டா தன் வேலையைச் செய்ததன் அடையாளமாகவும் இருக்கலாம்.

இந்த வேலைக்கு ஒரு விலை உண்டு. மூன்றாம் சுருள் பொதுவாகக் கோரை ஒட்டி உள்ளே இருப்பது. ஃபால்ட் மின்னோட்டத்தின் காந்த விசை அதை உள்நோக்கி நசுக்கும். மூன்றில் ஒரு பங்கு திறன் என்ற பழைய வழக்கத்தை மட்டும் நம்பி, ஃபால்ட்டின் விசையைத் தனியாகக் கணக்கிடாமல் செய்த டெல்டாக்கள் காலப்போக்கில் நெளிந்துபோவதுண்டு. 11 கி.வோ. எர்த் ஃபால்ட்டில் 8,400 ஆம்பியர் பாய்ந்தால் டெல்டாவில் 2,800 ஆம்பியர். ஹார்மோனிக்குக்கு வேண்டிய 1.7 ஆம்பியரோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். உள்ளே இருக்கும் சுருள் பழுதானால் வெளியே இருக்கும் எல்லாச் சுருளையும் கழற்றாமல் அதைத் தொட முடியாது. டிரான்ஸ்ஃபார்மர் தொழிற்சாலைக்குத்தான் போக வேண்டும். மூன்று லிம்ப் கோருக்குக் கட்டாயமில்லாத சுருளை, அடிக்கடி எர்த் ஃபால்ட் வரும் கடற்கரையில் வைத்து அடிவாங்கச் சொல்வானேன் என்று தயாரிப்பாளர்களும் மின் நிறுவனங்களும் கேட்கத் தொடங்கியது இதனால்தான். எப்போது வேண்டும், எப்போது வேண்டாம் என்று விவரிக்க அமெரிக்காவின் ஐ.இ.இ.இ. அமைப்பு 2017 ஆண்டிட்ட சி57.158 என்ற தனி வழிகாட்டியையே வெளியிட்டிருக்கிறது.

உங்கள் மாவட்டத்திலேயே களிவந்தப்பட்டு 400 கி.வோ. துணை மின்நிலையத்தில் நிற்பவை போன்ற பெரிய ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர்களின் நிலை வேறு. ஆட்டோவும் இயல்பில் ஸ்டார்-ஸ்டாரே. அந்த அளவுகளில் டெர்ஷியரி டெல்டா வைப்பது இந்தியாவில் நீண்டகால வழக்கம். அந்த டெர்ஷியரியைச் சுமை தாங்குவதற்காகவே வடிவமைப்பதும் உண்டு. உங்கள் பழைய டிரான்ஸ்ஃபார்மரில் இருப்பது நியூட்ரலை நிலைநிறுத்த மட்டும் வைத்த சுருள். நிலைய விளக்குகளுக்கு அதிலிருந்து மின்சாரம் எடுக்கலாமே என்று யாராவது கேட்டால், கூடாது என்று சொல்லுங்கள்.

அந்தச் செப்புப் பட்டை

இப்போது உங்கள் தம்பியின் பேச்சுக்கு வருகிறேன். அந்த இரண்டு புஷ்ஷிங்குகளும் டெல்டாவின் ஒரே மூலையின் இரண்டு முனைகள். டேங்குக்கு வெளியே அவற்றைப் பட்டையால் இணைத்தால்தான் டெல்டா மூடுகிறது. பட்டையைக் கழற்றினால் வளையம் திறந்துவிடும். பிறகு அது மூன்றாம் சுருள் இல்லாத டிரான்ஸ்ஃபார்மர்தான்.

எர்த் இணைப்புக்கு வேறு காரணம். எர்த் இல்லாத டெல்டா, 110 கி.வோ. சுருளுக்கும் கோருக்கும் நடுவே எதனுடனும் இணைப்பின்றி மிதக்கும். பக்கத்துச் சுருள்களிலிருந்து மின்தேக்க முறையில் அதில் மின்னழுத்தம் ஏறும். மின்னல் அலை வரும்போது அது ஆபத்தான அளவைத் தொடலாம். ஒரே ஒரு மூலையை எர்த் செய்தால் போதும், வளையத்தில் பாயும் மின்னோட்டத்தை அது பாதிக்காது. நல்ல டெல்டாவில் அந்த எர்த் கம்பியில் மின்னோட்டம் இருக்கக்கூடாது. அங்கே கணிசமான மின்னோட்டம் தெரிந்தால், டெல்டாவில் இன்னொரு இடத்திலும் எர்த் தொட்டிருக்கிறது என்று பொருள்.

ஆண்டுப் பராமரிப்பில் சுருளின் மின்தடையையும் இன்சுலேஷனையும் அளக்க இந்தப் பட்டையைக் கழற்றுவார்கள். மறுபடி மாட்ட மறந்துவிட்டால் அன்றாட வேலையில் வித்தியாசமே தெரியாது. வோல்ட்மீட்டர் சரியாகக் காட்டும், சுமை சீராக ஓடும். ஆனால் திறந்த இரண்டு புஷ்ஷிங்குகளுக்கிடையே மூன்று ஃபேஸ்களின் 150 ஹெர்ட்ஸ் மின்னழுத்தமும் கூடி நிற்கும். எர்த் ஃபால்ட் வரும்போது அந்த இடைவெளியில் பெரிய மின்னழுத்தம் தாவும். பட்டையைத் தொடக்கூடாது என்று சொன்னதன் காரணம் இதுவே. பராமரிப்பு முடிந்ததும் பட்டை மாட்டியதையும், போல்ட் இறுக்கியதையும், எர்த் இணைந்திருப்பதையும் சார்ஜ் செய்வதற்கு முன் ஒருவர் கண்ணால் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

டெல்டா உயிரோடு இருக்கிறதா என்று எப்படி அறிவது?

டெல்டாவில் சுமை மின்னோட்டம் இல்லாததால் அதன் நிலையை மீட்டர் காட்டாது. ஃபேஸ் மின்னழுத்தத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்பார்கள். ஒற்றை ஃபேஸ் தொகுதிக்கு அது சரி. அங்கே மூன்றாம் ஹார்மோனிக் 40 சதவீதமாக இருந்தால், லைன் மின்னழுத்தம் 11,000 வோல்ட்டிலேயே நிற்க, ஃபேஸ் மின்னழுத்தம் 6,350-க்குப் பதில் 6,840 காட்டும். லைனுக்கும் ஃபேஸுக்கும் உள்ள விகிதம் 1.732-லிருந்து 1.61-க்கு இறங்கும். லைன் மின்னழுத்தத்தில் மூன்றாம் ஹார்மோனிக் கழிந்துபோவதால் இந்த வேறுபாடு. உங்கள் மூன்று லிம்ப் டிரான்ஸ்ஃபார்மரில் 5 சதவீத ஹார்மோனிக் இருந்தாலும் ஃபேஸ் மின்னழுத்தம் 8 வோல்ட்தான் கூடும், பேனல் மீட்டரில் அது தெரியாது.

உறுதியான வழி சீரோ சீக்வென்ஸ் இம்பீடன்ஸ் சோதனை. டிரான்ஸ்ஃபார்மரை இரு பக்கமும் பிரித்து, எர்த் செய்து தேங்கிய மின்னேற்றத்தை நீக்கியபின், பொறுப்புப் பொறியாளர் முன்னிலையில் செய்ய வேண்டியது இது. 110 கி.வோ. முனைகளைத் திறந்து விடுவார்கள். 11 கி.வோ. முனைகள் மூன்றையும் ஒன்றாக இணைத்து, அவற்றுக்கும் 11 கி.வோ. நியூட்ரலுக்கும் இடையே குறைந்த ஒற்றை ஃபேஸ் மின்னழுத்தம் கொடுத்து மின்னோட்டத்தை அளப்பார்கள். சூத்திரம் இது:

Z₀ = 3V / I

உங்கள் டிரான்ஸ்ஃபார்மருக்கு 100 சதவீத இம்பீடன்ஸ் என்பது 7.56 ஓம். டெல்டா மூடியிருந்து 10 சதவீதம் என்றால் 0.756 ஓம், 10 வோல்ட் கொடுத்தால் ஏறத்தாழ 40 ஆம்பியர் பாயும். டெல்டா எங்காவது திறந்திருந்தால் இம்பீடன்ஸ் பல மடங்கு ஏறி, மின்னோட்டம் 6 அல்லது 7 ஆம்பியருக்கு விழும். இவ்வளவு பெரிய வேறுபாட்டைக் காண நுட்பமான கருவி வேண்டியதில்லை. தொழிற்சாலைச் சோதனை அறிக்கையில் உள்ள மதிப்போடு ஒப்பிட்டால் போதும். டெல்டாவின் சுற்றுகளுக்கிடையே பழுது இருந்தால் புகோல்ஸ் ரிலேயும் எண்ணெயில் கரைந்த வாயுக்களின் ஆய்வும் சொல்லும். அசெட்டிலீன் தென்பட்டால் உள்ளே ஆர்க் எழுந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு மேலே விசாரிக்க வேண்டும்.

உங்கள் கேள்விக்குச் சுருக்கமான விடை: மூன்று லிம்ப் கோர் கொண்ட புது டிரான்ஸ்ஃபார்மருக்கு மூன்றாம் சுருள் தேவையில்லை. செலவைக் குறைக்கச் செய்த தவறென்று நினைக்க வேண்டாம். டெல்டா செய்துவந்த வேலையின் ஒரு பகுதி இப்போது 110 கி.வோ. நியூட்ரல் எர்த்தின் மேல் விழுந்திருக்கிறது. ஆகவே புதியதன் நியூட்ரல் எர்த் பட்டைகளை, உப்புக் காற்றில் துருப்பிடித்திருக்கிறதா என்று ஒவ்வொரு மாதமும் பாருங்கள். பழையதன் செப்புப் பட்டையை ஒவ்வொரு பராமரிப்புக்குப் பிறகும் சரிபாருங்கள். உங்கள் தம்பியிடம் அது உபரி இணைப்பல்ல, டெல்டாவை மூடும் பட்டை என்று சொல்லிவிடுங்கள்.